மங்கிய அச்சில் ல, ள, ழ: உங்கள் அனுபவம்

நாஞ்சில்வாசி:
தாத்தா கத்தரித்து வைத்திருந்த 1961ஆம் ஆண்டுப் பத்திரிகை அறிவிப்பு. சொத்து விவரத்தில் ஒரு வரி: "மேற்படி வி..யில் தென்பாகம்". நடு எழுத்து மைத்திட்டாக அப்பியிருக்கிறது. மாமா 'விலை' என்கிறார். எங்கள் பக்கம் தோப்பை விளை என்போம், எனக்கு அது 'விளை'. பெருக்குக் கண்ணாடியில் திட்டு பெரிதானதுதான் மிச்சம்.

கல்லூரணி:
இதில் என்ன குழப்பம்? ழ கோட்டுக்குக் கீழே இறங்கும், மற்ற இரண்டும் இறங்காது. நான் அப்படித்தான் படிக்கிறேன்.

பழைய மெய்ப்பர்:
கல்லூரணி, 'மு'வும் கீழே இறங்கும். ஒரு மலரில் 'எழுத்து' என்பது 'எமுத்து' என்று என் கண்ணுக்கே தப்பிப் போனது. தவிர, அவர் கேட்பது லவும் ளவும்.

நாஞ்சில்வாசி, எழுத்தின் இடப்பாதியைப் பார்க்காதீர்கள். சுழியில் மை முதலில் அடைப்பது அங்கேதான். வலப்பாதியைப் பாருங்கள். ல கிண்ணம்போல மேலே திறந்திருக்கும், ள வாசல்போலக் கீழே திறந்திருக்கும். திட்டின் அடியில் வெள்ளை தெரிந்தால் அது ல இல்லை. ஆனால் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்பதால் லை, ளை, னை மூன்றிலும் தும்பிக்கை எழுத்தோடு ஒட்டியிருக்கும். அதை விட்டுவிட்டுக் கீழ்விளிம்பை மட்டும் பாருங்கள்.

மங்கிய மெய்யை அடுத்து க்க, த்த, ப்ப வந்தால் ல், ள் வராது. ய், ர், ழ் மூன்றில் ஒன்றுதான். 'தா.ப்பாள்' என்றால் கண்ணை மூடிக்கொண்டு ழ் போடலாம். ஒரே எழுத்து இரட்டித்திருந்தால் அது ழ இல்லை.

செங்காந்தள்:
அந்த விதி அச்சுக்கோப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டுமே ஐயா! எங்கள் கோவில் நோட்டீஸில் 'பால்க்குடம்' என்றே போட்டிருந்தார்கள்.

பழைய மெய்ப்பர்:
அது பிழை. பிழையை வைத்து விதியை மறுக்க முடியாது.

செங்காந்தள்:
மங்கிய தாளில் பிழையும் சேர்ந்தே மங்கியிருக்கும், அதைத்தான் சொல்கிறேன்.

தாமிரபரணி:
என் மகனுக்கும் இதே தொல்லை, 'பழம்' என்று சொல்ல வராது. நாக்கு நுனியை மேல்நோக்கி வளைத்து, எங்கும் ஒட்டாமல் காற்றை விடச் சொல்லுங்கள். வாழைப்பழம், கிழவி என்று தினமும் காலையில் வாய்விட்டுப் படிக்க வைக்க வேண்டும். பல் விழும் வயதில் வற்புறுத்தாதீர்கள், தானாக வரும். தேன் தடவுவதெல்லாம் வீண்.

நாஞ்சில்வாசி:
தாமிரபரணி அக்கா, இது வாசிப்புப் பிரச்சினை. மெய்ப்பர் ஐயா, தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலப்பக்கம் அடியில் மெல்லிய வெள்ளை தெரிகிறது, ல இல்லை. மாமா இப்போது 'வினை' என்கிறார். ளையையும் னையையும் எப்படிப் பிரிப்பது?

பழைய மெய்ப்பர்:
அந்தக் காலத்து அச்சில் வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்ல எனக்கும் துணிவில்லை. அதே அறிவிப்பில் தெளிவாக விழுந்த ஒரு 'னை' இருக்கிறதா, தேடுங்கள். அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.