நிறத்தோடு வடிவமும்: ‘ரிடன்டன்ட் என்கோடிங்’ தமிழில் என்ன?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான புள்ளியியல் பயிற்சி நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை காலை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். வரைபட இயலில் ஒரு சொல் இடறுகிறது: ரிடன்டன்ட் என்கோடிங். ஒரு கோடு எதைக் குறிக்கிறது என்பதை நிறத்தால் சொல்லிவிட்டு, அதையே புள்ளியின் வடிவத்தாலோ கோட்டின் வகையாலோ இன்னொரு முறையும் சொல்வது. நிறங்களைப் பிரித்தறிய முடியாத மாணவருக்கும் படம் விளங்க வேண்டும் என்பதற்காக.

நூலில் வரும் படம் இது: நெல், பருத்தி, கரும்பு, நிலக்கடலை நான்கின் விளைபரப்பு, நான்கு கோடுகளாக. நெல் பச்சை, பருத்தி சிவப்பு, கரும்பு ஊதா, நிலக்கடலை பழுப்பு. எது எந்த நிறம் என்று வலது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். கீழே படக்குறிப்பு: “சிவப்புக் கோடு சரிவதைக் கவனிக்கவும்.” இந்தப் படத்தை எப்படித் திருத்துவது என்பதுதான் பாடம்.

இப்போதைக்கு ‘மிகைக்குறியீடு’ என்று போட்டிருக்கிறேன், நிறைவாக இல்லை. அப்புறம், ‘நிறக்குருடு’ என்பதை அப்படியே விடலாமா?

அறவாழி எழுதியது:

அன்புள்ள கயல்விழி அம்மையாருக்கு, ‘மிகை’ வேண்டவே வேண்டாம். நூற்குற்றம் பத்தில் மிகைபடக் கூறல் இரண்டாவது, கூறியது கூறல் மூன்றாவது. மாணவரைச் செய்யச் சொல்லும் ஒன்றுக்குக் குற்றத்தின் பெயரை வைக்கலாமா? நம் இலக்கணத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஒருபொருட்பன்மொழி. ‘மீமிசை ஞாயிறு’ என்னும்போது மீயும் மிசையும் ஒரே பொருள்தான், ஆனால் குற்றமில்லை. அந்த வழியில் ‘ஒருபொருட் பன்குறி’ என்று ஆளலாம்.

நிறக்குருடு பற்றி. தொல்காப்பியர் உரியியலில் ‘குருவும் கெழுவும் நிறனாகும்மே’ என்கிறார். குரு என்றாலே நிறம். குருதி அதிலிருந்து வந்தது என்பது என் துணிபு. ஆகவே ‘குருக்குறை’. இரண்டே அசையில் முடிகிறது. இன்னொன்றும் பாருங்கள்: பொன்னை நாம் பசும்பொன் என்கிறோம், செம்பொன் என்றும் சொல்கிறோம். பசுமை நம் முன்னோர்க்கு இலையின் நிறம் மட்டும் அன்று…

ரஹீம் எழுதியது:

ஐயா, பசும்பொன்னைப் பார்த்தால் பழந்தமிழருக்கே பச்சையும் மஞ்சளும் பிரிந்து தெரியவில்லையோ என்று தோன்றுகிறது!

கயல்விழி, சொல்லை விடுங்கள், வேலைக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துப் பாருங்கள். ஜெராக்ஸில் கோடுகள் பிரிந்து தெரிந்தால் நிறக்குருடு உள்ளவருக்கும் தெரியும். தெரியாவிட்டால் தெரியாது. இதற்குத் தனிக் கலைச்சொல்லே தேவையில்லை, ‘ஜெராக்ஸ் சோதனை’ என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும்.

முருகேசன் எழுதியது:

வழக்கமாக நான் படிப்பதோடு சரி. இது என் விஷயம் என்பதால் எழுதுகிறேன். எனக்குப் பிறவியிலேயே சிவப்பு–பச்சைக் குறைபாடு உண்டு. டியூட்டன் வகை.

கயல்விழி சொன்ன படத்தை என் கண்ணால் சொல்கிறேன். நெல்லும் நிலக்கடலையும் ஒரே நிறம். கரும்பு நீலம், ஊதா என்று நீங்கள் சொன்னதால் ஒப்புக்கொள்கிறேன். பருத்தி தனியாக இருக்கும்போது ஏதோ வேறு மாதிரி தெரியும், ஆனால் நெல்லை வெட்டிக்கொண்டு போன பிறகு எது மேலே போனது, எது கீழே போனது என்று சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் மோசம் அந்த ஓரத்துக் கட்டம். நிறம் ஒரு பெரிய சுவராக இருந்தால் எனக்கு ஓரளவு பிடிபடும். கட்டத்தில் இருப்பது கடுகளவு துண்டு. கோடு மெலியமெலிய நிறம் தெரிவதும் குறைகிறது.

படக்குறிப்பு ‘சிவப்புக் கோடு’ என்று சொன்னால் நான் அங்கேயே நின்றுவிடுகிறேன். படம் சரியாக இருந்து குறிப்பு இப்படி இருந்தாலும் பயன் இல்லை.

‘குருடு’ என்ற சொல்லில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அது உண்மை இல்லை. நீலமும் மஞ்சளும் எனக்கு உங்களைப் போலவே பளிச்சென்று தெரிகின்றன.

பார்வதி எழுதியது:

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. என் தங்கை மகனுக்கு அந்தப் புள்ளி புள்ளியான இஷிஹாரா படத்தில் எண் தெரியவில்லையாம். ஓட்டுநர் உரிமம் கிடைக்காது என்கிறார்கள். எந்த மருத்துவரிடம் காட்டினால் சரியாகும்? கண்ணாடி போட்டால் போகுமா?

முருகேசன் எழுதியது:

அம்மா, பிறவியில் வருவதைக் கண்ணாடி போக்காது. நிறம் போட்ட கண்ணாடி சில நிறங்களின் வேறுபாட்டைக் கூட்டிக்காட்டும், அவ்வளவுதான். உரிமத்துக்கு 2020இல் மத்திய அரசு விதியைத் தளர்த்திவிட்டது. குறைபாடு லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் தடை இல்லை. அரசு கண் மருத்துவரிடம் அளவைப் பார்த்துச் சான்று வாங்கச் சொல்லுங்கள். சிக்னலில் நான் நிறத்தைப் பார்ப்பதே இல்லை, மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்றுதான் பார்ப்பேன்.

சிவகரன் எழுதியது (யாழ்ப்பாணம்):

முருகேசன் அண்ணை கடைசியாகச் சொன்ன வரிதான் கயல்விழி அக்கா கேட்ட பொருள். சிக்னலில் நிறம் சொல்வதை இடமும் சொல்கிறது. ஒன்று தவறினாலும் மற்றது நிற்கிறது.

ரஹீமின் சோதனை பாதிதான் சரி. சிவப்பு #FF0000, பச்சை #008000 என்று வைத்துக்கொண்டு வெளிச்ச வேறுபாட்டை விகிதமாகக் கணக்கிட்டுப் பாருங்கள், 1 என்றால் வேறுபாடே இல்லை. வெள்ளைத் தாளோடு சிவப்புக்கு 4.0, பச்சைக்கு 5.1. இரண்டுமே இணைய அணுகல் நெறிகள் கோட்டுக்கும் வடிவத்துக்கும் கேட்கும் 3ஐத் தாண்டிவிடுகின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று பார்த்தால் வெறும் 1.28. நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். இதை நகல் காட்டிக்கொடுக்கும், அதுவரை சரி.

இரண்டு இடத்தில் நகல் ஏமாற்றும். நீலம் #0072B2, செங்காவி #D55E00 இரண்டும் நகலில் ஏறக்குறைய ஒன்றாக விழும், 1.34தான் வரும். ஆனால் முருகேசன் அண்ணைக்கு அவை நன்றாகப் பிரியும், ஏனென்றால் நீலம்–மஞ்சள் பக்கத்து வேறுபாடு அவருக்கு முழுதாக இருக்கிறது. மற்றது இதற்கு நேர்மாறு, ஆபத்தானதும்கூட. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து: கணக்கில் 5.25, நகலிலும் தெரியும். ஆனால் சிவப்பு–பச்சைக் குறைபாட்டிலேயே புரோட்டன் வகையினருக்குச் சிவப்பு ஒளியை வாங்கும் கூம்பு செல்லிலேயே கோளாறு. அது முற்றாக இல்லாதவருக்கு அந்தச் சிவப்பு கறுப்போடு போய்விடும்.

எனவே நிறத்தேர்வு முதலில். ஒகாபே, இட்டோ என்ற இரண்டு ஜப்பானிய அறிவியலாளர்கள் எட்டு நிறத் தொகுதி ஒன்றைத் தந்திருக்கிறார்கள். இருவருக்குமே நிறப்பார்வைக் குறைபாடு உண்டு. மேலே சொன்ன நீலமும் செங்காவியும் அதில் உள்ளவை. அதிலும் ஒரு கவனம் வேண்டும். அதன் செம்மஞ்சள் #E69F00 வெள்ளைத் தாளில் 2.25தான், மஞ்சள் இன்னும் கீழே. மெல்லிய கோட்டுக்கு இரண்டும் ஆகாது. கரிய விளிம்பு போட்டுப் பட்டைகளை நிரப்ப வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வடிவம். பைதானின் matplotlib நிரலில் இப்படி:

```python
plt.plot(x, nel, color="#0072B2", marker="o")
plt.plot(x, paruthi, color="#D55E00", marker="^", linestyle="--")
```

கரும்புக்குக் கறுப்பு, நிரப்பாத சதுரம். நிலக்கடலைக்கு #009E73, பெருக்கல் குறி. முக்கோணமும் சாய்சதுரமும் சேர்ந்து வேண்டாம், அச்சில் சிறுத்தால் இரண்டும் ஒரே பொட்டுத்தான். புள்ளிக்கோடு, வெட்டுக்கோடு என்று நான்கு வகை போட்டால் கோடுகள் வெட்டும் இடத்தில் குழம்பும். ஒன்றிரண்டு போதும். ஓரத்துக் கட்டத்தை எடுத்துவிட்டு ஒவ்வொரு கோட்டின் முனையிலும் பயிரின் பெயரை எழுதுங்கள். இந்தப் படத்தில் எல்லாவற்றையும்விடக் கூடிய பலன் அதற்குத்தான். படக்குறிப்பு: “பருத்தி (முக்கோணம், வெட்டுக்கோடு) சரிவதைக் கவனிக்கவும்.” நிறத்தின் பெயரே வேண்டாம். எங்கள் பக்கம் மண்ணிறம் என்பதை நீங்கள் பழுப்பு என்கிறீர்கள், அந்தச் சிக்கலும் போய்விடும்.

சொல்லுக்கு வருகிறேன். அறவாழி ஐயா, ‘மீமிசை’யில் இரண்டு சொல்லும் ஒரே வாசகனுக்குக் கேட்கின்றன, ஒன்று மற்றதற்கு அழுத்தம். இங்கே ஒரு வாசகனுக்கு ஒன்று தெரியாமலே போகலாம். ஒப்புமை முழுதாகப் பொருந்தவில்லை. என் முன்மொழிவு ‘துணைக்குறி’.

முருகேசன் எழுதியது:

துணைக்குறி கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் யாருக்குத் துணை? நிறம்தான் முதல், வடிவம் அதற்கு உதவி என்று ஆகிறது. எனக்கு முக்கோணம்தான் முதல். வரைபவரும் அப்படியே நினைத்து வடிவத்தைச் சிறிதாக்கிவிடுவார். நிறைய படங்களில் நடப்பது அதுதான், குறி இருக்கும், உருப்பெருக்கி வேண்டும். இரண்டும் சமம் என்று சொல் சொல்ல வேண்டும். ‘இணைக்குறி’?

ரஹீம் எழுதியது:

இணைக்குறி என்றதும் இரண்டு சொல்லுக்கு நடுவில் போடும் இணைப்புக்குறிதான் எனக்கு நினைவு வருகிறது. மாணவனும் அங்கேதான் போவான். ‘இரட்டைக் குறி’ என்று நேராகச் சொல்லலாமே.

அறவாழி எழுதியது:

இரட்டை என்றால் இரண்டோடு நின்றுவிடும். சிவகரன் தம்பி நிறம், வடிவம், கோட்டு வகை, முனையில் பெயர் என்று நான்கு சொல்லியிருக்கிறார். ‘பன்’ என்ற முன்னொட்டின் வலிமை அங்கே இருக்கிறது. மேலும் ரஹீம் அவர்களுக்கு: பசும்பொன் என்றவர்கள் பார்வை குறைந்தவர்கள் அல்லர். பசுமை என்பது நிறத்தோடு புதுமையையும் குறிக்கும். பச்சைக் குழந்தை, பச்சை மண் என்கிறோமே, குழந்தை பச்சை நிறத்திலா இருக்கிறது? பச்சரிசி…

கயல்விழி எழுதியது:

ஐயா, மற்றொன்று விரித்தலும் அதே பத்தில் உண்டு, பொறுத்தருள வேண்டும். எனக்கு ஒரு நாள்தான் இருக்கிறது.

படத்தைச் சிவகரன் சொன்னபடி திருத்திவிட்டேன். முனையில் பெயர் எழுதும்போது கரும்பும் நிலக்கடலையும் கடைசி ஆண்டில் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒன்றைச் சற்று மேலே தூக்கி மெல்லிய கோட்டால் இணைத்தேன். வகுப்பில் ஒரு மாணவரிடம் நகலைக் கொடுத்து, பருத்தியை விரலால் தொடரச் சொன்னேன். வெட்டும் இடத்திலும் தடுமாறவில்லை.

‘நிறப்பார்வைக் குறைபாடு’ என்று போடுகிறேன். பழைய பாடநூலோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதால் முதல் இடத்தில் மட்டும் ‘நிறக்குருடு என்று வழங்குவது’ என்ற குறிப்பு வரும். குருக்குறை என்று எழுதினால் ஆசிரியர் யாரோ என்று மாணவர் கேட்பார்கள்.

மற்றதற்கு இணைக்குறி. முழு மனத்தோடு அல்ல. ரஹீம் சொன்ன குழப்பத்துக்காக, முதலில் வரும்போது ‘வடிவ இணைக்குறி’ என்று விரித்து எழுதியிருக்கிறேன்.

சிவகரன் எழுதியது:

எனக்குச் சம்மதம். ஆறாவது இயலில் ஏழு கோடுள்ள படம் ஒன்று இருந்தால் அதற்கு இணைக்குறி உதவாது. நாலைந்து வடிவத்துக்கு மேல் கண் பிரிக்காது. ஒரே அளவுகோலில் சிறு சிறு படங்களாகப் பிரியுங்கள். அதற்கு என்ன சொல் என்று இப்போது கேட்காதீர்கள்.

அறவாழி எழுதியது:

அச்சுக்குப் போவதைத் தடுக்க மாட்டேன். ஆனால் என் மறுப்பைக் குழுவின் கோப்பில் வையுங்கள். இணைக்குறி எத்தனை குறி என்பதையும் சொல்லவில்லை, எதோடு இணை என்பதையும் சொல்லவில்லை. அடுத்த பதிப்பில் ஒருபொருட் பன்குறியை மீண்டும் எடுத்துக்கொண்டு வருவேன். முருகேசன் தம்பி, உங்கள் ‘யாருக்குத் துணை’ என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் மறுப்பில்லை.