டி.என்.எஸ். ‘பரவல்’: வேறு சொல் உண்டா?

கலைச்செல்வி (அல்சூர், பெங்களூரு):
வணக்கம். எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பின் தளத்தை வேறு ஹோஸ்டிங்கிற்கு மாற்றியிருக்கிறோம். பெற்றோருக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். சிலருக்குப் புதுத் தளம் வருகிறது, சிலருக்குப் பழையதே வருகிறது. தளப் பெயரை எண் முகவரியாக்கும் டி.என்.எஸ்.-இல் ‘மாற்றம் பரவிக்கொண்டிருக்கிறது’ என்று எழுதி, ‘டி.என்.எஸ். பரவல்’ என்று பெயர் வைக்கலாமா?

சண்முகம்:
பரவல் சரியான சொல்தான். உலகம் முழுக்க உள்ள சர்வர்களுக்குப் புது முகவரி போய்ச் சேர 48 மணி நேரம் ஆகும். அவசரமென்றால் `ipconfig /flushdns` கொடுங்கள், உடனே சரியாகிவிடும்.

முத்துக்குமார் (ஒயிட்ஃபீல்டு):
சண்முகம் ஐயா, 48 மணி என்ற கணக்குக்கு அடிப்படை உண்டு. ஆனால் எதுவும் எங்கும் போய்ச் சேர்வதில்லை. புது முகவரியை வைத்திருக்கும் நேம்சர்வர் யாருக்கும் சேதி அனுப்பாது, கேட்டவருக்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான். வீட்டுக் கணினிகளுக்காக முகவரியைக் கேட்டுச் சொல்வது இணையம் தரும் நிறுவனத்தின் ரிசால்வர். அது ஒருமுறை கேட்டு வாங்கிய பதிலை, அதோடு வந்த டி.டி.எல். என்ற ஆயுள் நொடிகள் தீரும்வரை கையில் வைத்திருக்கும். அது தீருமுன் மறுபடி கேட்காது. உங்கள் கணினியில் ஃப்ளஷ் செய்தாலும் பழைய பதில் ரிசால்வரிலேயே இருக்குமே!

செல்வி, தளத்தின் எண் முகவரியைச் சொல்லும் உங்கள் பழைய ஏ பதிவின் டி.டி.எல். 86400 என்று வைத்துக்கொள்வோம். சனி காலை 9 மணிக்கு ஒரு ரிசால்வர் அதை வாங்குகிறது. பத்து மணிக்கு நீங்கள் மாற்றுகிறீர்கள். அந்த ரிசால்வரை நம்பியிருக்கும் வீடுகளுக்கு ஞாயிறு காலை 9 வரை பழைய தளம்தான். பக்கத்து வீட்டில் வேறு இணைப்பு, அதன் ரிசால்வர் இதுவரை கேட்கவே இல்லையென்றால் அங்கே 10:05-க்கே புதுசு தெரியும். கண்ணால் பார்க்க:

```
dig @8.8.8.8 example.com A +noall +answer
example.com.  5127  IN  A  203.0.113.25
```

5127 என்பது மீதி நொடி. மறுபடி கொடுத்தால் குறைந்திருக்கும். சில சமயம் கூடியும் காட்டும், 8.8.8.8 என்ற கூகுள் ரிசால்வருக்குப் பின்னால் பதில்களை எடுத்து வைக்கும் பல தேக்ககங்கள் இருப்பதால். பயப்பட வேண்டாம்.

அந்த 48 மணி எங்கிருந்து வந்தது? `.com` பதிவகம் தரும் நேம்சர்வர் குறிப்பின் டி.டி.எல். 172800 நொடி, அதாவது இரண்டு நாள். நேம்சர்வரையே மாற்றினால் இது பொருந்தும். ஏ பதிவை மட்டும் மாற்றினால் அந்தப் பதிவின் சொந்த டி.டி.எல்.தான் கணக்கு. அதை இப்போது 300 ஆக்கியும் பயனில்லை, பழைய பதிலை வாங்கினவர்களிடம் பழைய எண்தான் ஓடுகிறது. மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே குறைத்திருக்க வேண்டும். பழைய ஹோஸ்டிங்கை இன்னும் சில நாள் நிறுத்தாதீர்கள்.

எதுவும் பரவவில்லை, பழைய பதிவு காலாவதியாகிறது. எனவே ‘பரவல்’ என்பதற்குப் பதில் என் பரிந்துரை ‘பதிவுக் காலாவதி’.

ஜெயந்தி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் கடைக்கும் நேம்சர்வரை மாற்றினோம். தளம் வந்துவிட்டது, ஆனால் மெயில் வருவதே இல்லை. இதுவும் பரவல்தானா? காத்திருந்தால் போதுமா?

முத்துக்குமார்:
காத்திருக்காதீர்கள்! நேம்சர்வரை மாற்றினால் பழைய இடத்தில் இருந்த பதிவுகள் தானாகக் கூட வராது. மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவைப் புது இடத்தில் எழுதினீர்களா? இதைக் கொடுத்துப் பாருங்கள். ns1 இடத்தில் உங்கள் புது நேம்சர்வரின் பெயர்:

```
dig @ns1.example.net example.com MX +short
```

ஒன்றும் வராவிட்டால் தேக்ககத்தின் மேல் பழியில்லை. எம்.எக்ஸ். இல்லாதபோது அனுப்புபவரின் சர்வர் ஏ பதிவின் முகவரிக்கே போய்க் கதவைத் தட்டும். அங்கே மெயில் வாங்க ஆளில்லை.

கலைச்செல்வி:
அண்ணா, விளக்கம் புரிகிறது, சொல்தான் இடிக்கிறது. ‘காலாவதி’ என்று எழுதினால் டொமைனுக்குப் பணம் கட்ட மறந்துவிட்டோம் என்று பெற்றோர் நினைப்பார்கள். ‘புதுப்பித்தல்’ என்றாலும் அதே கதை. டி.டி.எல்.லுக்கு ‘வைப்புக்காலம்’, இந்த இடைவெளிக்கு ‘மாறுகாலம்’ என்று வைத்தால்?

சண்முகம்:
வைப்புக்காலம் வங்கியின் நிரந்தர வைப்பு மாதிரி இருக்கிறது, பொருத்தம்தான். மாறுகாலம் எனக்கு ஒட்டவில்லை. கன்ட்ரோல் பேனலில் எல்லாரும் பார்ப்பது ‘ப்ராபகேஷன்’ என்றுதான், பரவல் என்றால் உடனே பிடிபடும்.

முத்துக்குமார்:
வைப்புக்காலம் எனக்குச் சரி. மாறுகாலம் பரவாயில்லை. பரவல் என்றால் எங்கோ தள்ளிவிட ஒரு பொத்தான் இருக்கும் என்று தேடுவார்கள், அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

ஜெயந்தி:
எம்.எக்ஸ். சேர்த்தேன், கேட்டால் இப்போது பதில் வருகிறது. ஆனால் ஒரு வாடிக்கையாளரின் மெயில் மட்டும் இன்னும் திரும்புகிறதாம்.

முத்துக்குமார்:
‘இல்லை’ என்ற பதிலையும் ரிசால்வர்கள் எடுத்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதை டொமைனின் பொது விவரங்களைத் தாங்கிய உங்கள் எஸ்.ஓ.ஏ. பதிவு சொல்லும், `dig example.com SOA` கொடுத்தால் வரியின் கடைசி எண்ணைப் பாருங்கள். அது 3600 என்றால் ஒரு மணி நேரத்துக்குள் தீர வேண்டும். இதற்கும் ஒரு பெயர் வேண்டும் செல்வி. ‘இன்மைத் தேக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை.