விரல் முழுசாக வீங்கினால் சொரியாசிஸ் வாதம்தானா?

அம்பைக்காரன்: தம்பிக்கு வயது 26. வலது முழங்காலும் இடது கணுக்காலும் வீங்கியிருக்கின்றன. இடது காலில் இரண்டாவது விரல் முழுவதும் கொழுக்கட்டை போல உருண்டுவிட்டது. குதிகாலை ஊன்ற முடியவில்லை. இது சொரியாசிஸ் என்ற தோல்படை நோயோடு வரும் மூட்டுவாதமா, வேறு ஏதாவதா?

வள்ளியூர் மாப்ளே: விரல் முழுசாக வீங்கினால் சொரியாசிஸ்தான், சந்தேகமே வேண்டாம். எங்க சித்தப்பாவுக்கு முதலில் இப்படித்தான் வந்தது. தோலில் படை வந்ததே 3 வருடம் கழித்து. உடனே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தொடங்கச் சொல்லுங்க, தாமதித்தால் மூட்டு போயிடும்.

பாளை டாக்டர்: சித்தப்பா கதை நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்த விரல் வீக்கம், உடம்பில் வேறிடத்தில் தொற்று வந்தபின் மூட்டு வீங்கும் ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸிலும் வரும். சமீபத்தில் வயிற்றுப்போக்கோ சிறுநீர் எரிச்சலோ இருந்ததா? நகம் எப்படி இருக்கிறது?

அம்பைக்காரன்: சாரல் நேரத்தில் குற்றாலம் போய்வந்த மறுநாள் தொடங்கி 4 நாள் காய்ச்சலோடு பேதி. அதற்கு 3 வாரம் கழித்துத்தான் முழங்கால் வீங்கியது. நடுவில் 2 நாள் கண் சிவந்து உறுத்தியது. நகம் சுத்தமாக இருக்கிறது.

பாளை டாக்டர்: அப்போ ரியாக்டிவ் பக்கம்தான் சாய்கிறது. பேதிக்கு 1 முதல் 4 வாரத்துக்குள், காலின் பெரிய மூட்டுகள் ஒரு சீரில்லாமல் வீங்குவது அதன் வழக்கம். சொரியாசிஸ் வாதம் பலருக்கு நகத்தை ஒட்டிய கடைசி மூட்டைப் பிடிக்கும், அந்த விரலின் நகத்தில் குண்டூசி குத்தியது போலக் குழிகள் இருக்கும். இருந்தாலும் உச்சந்தலை, காதுக்குப் பின்புறம், தொப்புள் எல்லாம் பாருங்கள். படை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முதலில் முழங்கால் நீரை ஊசியால் எடுத்து, கிருமியோ, யூரிக் அமிலம் போன்ற படிகமோ இல்லை என்று பார்க்க வேண்டும். சீழ் பிடித்த மூட்டை வாதம் என்று நினைத்துவிடக் கூடாது. அது சரியாக இருந்தால் வலியும் வீக்கமும் குறைக்கும் நாப்ராக்சன் 500 மி.கி., சாப்பிட்டபின் இரண்டு வேளை. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் கூடாது. இரண்டு நோய்க்கும் முதல் படி பெரும்பாலும் இதே ரக மாத்திரைதான்.

வள்ளியூர் மாப்ளே: பேதிக்கிருமியால் வந்ததென்றால் ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலே முடிந்ததே?

பாளை டாக்டர்: பேதி நின்றபின் அது மூட்டுக்கு உதவாது. பாலுறவில் பரவும் கிளமிடியா தொற்று என்றால் கதை வேறு, அதற்கு மருந்து கொடுத்தாக வேண்டும்.

பேட்டை அக்கா: எனக்குச் சொரியாசிஸ் வாதம். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் என்று சீட்டில் இருந்ததை நான் தினமும் விழுங்கிவிட்டேன். 9 நாளில் வாயெல்லாம் புண், ரத்த அணுக்கள் குறைந்து ஆஸ்பத்திரியில் படுத்தேன். தம்பி, அவசரப்பட்டு அதைத் தொடாதே.

வள்ளியூர் மாப்ளே: அக்கா, அது மருந்தின் குற்றமில்லை. 6 மாதம் வலி மாத்திரையிலேயே ஓட்டினால் மூட்டு அரிக்காதா டாக்டர்?

பாளை டாக்டர்: ரியாக்டிவ் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் தணியும். நீடித்தால் மூட்டு அழற்சியைக் கட்டுப்படுத்தும் சல்ஃபசலசின் மாத்திரை பார்ப்போம். எத்தனை மாதம் காத்திருப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து ஒன்றில்லை.

அம்பைக்காரன்: தம்பி இப்போது சொல்கிறான், காலையிலிருந்து இடது கண் மறுபடி சிவந்து, வெளிச்சம் பார்த்தால் வலிக்கிறதாம்.

பாளை டாக்டர்: முன்பு வந்த உறுத்தல் போல இதை விட்டுவிடாதீர்கள். கண்ணுக்குள் அழற்சியாக இருக்கலாம். மூட்டு நாளைக்குப் போகட்டும், கண் டாக்டரிடம் இன்றைக்கே போங்கள்.