திருநீறு வாங்க உள்ளங்கை திரும்பேல்லை: தோள்மூட்டு படத்தில ஏமாந்த கதையள்

இரவுப்பணி:
இன்டேர்னா இருந்த நேரம் நடந்தது, இண்டைக்கும் மனசைக் குடையுது. வலிப்பு வந்து தெளிஞ்ச ஒரு அண்ணை, வலது தோள் நோகுதெண்டு கையை வயித்தோட அணைச்சபடி இருந்தார். நேர எடுத்த எக்ஸ்ரே ஒண்டுதான். மேற்கை எலும்பின்ர பந்துத்தலை தோள் கிண்ணத்துக்கு நேரதான் நிண்டது, கீழயும் இறங்கேல்லை, சரி சதைப்பிடிப்பெண்டு பனடோலும் ஸ்லிங்கும் குடுத்து அனுப்பிட்டன். அடுத்த கிழமை கிளினிக்குக்கு வந்தவர். மனிசி கோயில் திருநீறை நீட்டினா, அவருக்கு உள்ளங்கையை மேல திருப்ப ஏலேல்லை. முழங்கையை விலாவோட வைச்சு வெளிப்பக்கம் திருப்பிப் பாத்தன், அசையவே இல்லை. பழைய படத்தை எடுத்துப் பாத்தா எலும்பின்ர தலை பல்ப் மாதிரி உருண்டை. பின்பக்கம் விலகியிருக்கு.

பனங்கூடல்:
வலிப்பு, கரண்ட் அடி எண்டாலே பின்பக்கத்தை யோசிக்க வேணும் தம்பி. தோளைப் பக்கவாட்டில எடுக்கிற வை வியூ எடுத்திருந்தா அண்டைக்கே முடிஞ்சிருக்கும். பல்ப் எண்டா பின்பக்கம், அவ்வளவுதான்.

பழைய பிலிம்:
அவ்வளவுதான் இல்லை. ஆரும் கையை உள்பக்கம் திருப்பி வைச்சிருந்தாலே தலை உருண்டையாத்தான் தெரியும், நோகிற எல்லாரும் அப்பிடித்தான் வைச்சிருப்பினம். வை வியூவும் ஆள் கொஞ்சம் திரும்பிப் படுத்தா ஏமாத்தும். முடிவு சொல்லுறது கையை விரிச்சு அக்குள் வழியா எடுக்கிற அக்குள் படம். அதில முதல் தோள்பட்டை எலும்பின்ர கொரகோயிட் முனையைத் தேடுங்கோ, காக்கா அலகு மாதிரி முன்பக்கம் நீட்டிக்கொண்டு நிக்கும். தலை அது நிக்கிற பக்கம் போனா முன்விலகல், கிண்ணத்தைத் தாண்டி மற்றப் பக்கம் போனா பின்விலகல். கையைத் தூக்க ஏலாதெண்டு விட்டிடாதேங்கோ. ஸ்லிங்கோடயே மேசை விளிம்பில சாய்ஞ்சு பின்னுக்கு வளைஞ்சு நிக்க, மேலயிருந்து நேர கீழ எடுக்கலாம். நான் எத்தினையோ பேருக்கு எடுத்திருக்கிறன், கையைத் தொடவே தேவையில்லை.

சுன்னாகத்துப் பிள்ளை:
அம்மா கிணத்தடியில விழுந்து மேற்கை எலும்பு வெடிச்சது. படத்தில பந்து கீழ தொங்கிச்சு, கீழ்ப்பக்கம் விலகிட்டுது, இழுக்க வேணும் எண்டு ஒரு டாக்டர் வெளிக்கிட்டார். வேற டாக்டர் வந்து, மூட்டுக்குள்ள ரத்தம் தேங்கி சதையும் சோர்ந்ததால இறங்கினது, அக்குள் படத்தில கிண்ணத்துக்கு நேர நிக்குதெண்டு தடுத்தவர். மூண்டு கிழமையில தானே மேல வந்திட்டுது. இழுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?

மட்டைப்பந்து:
எனக்கு பந்து எறியேக்க ஒவ்வொருக்காலும் தோள் முன்னுக்கு விலகும், நானே போடுவன். நல்லெண்ணெய் சூடு காட்டுங்கோ.

பழைய பிலிம்:
தம்பி, நீங்களே போடாதேங்கோ. முதல் படம் எடுங்கோ, எலும்பு வெடிச்சிருந்தா இழுக்கிற இழுவையில இன்னும் விலகும்.

இரவுப்பணி:
பழைய பிலிம் அண்ணை, அந்த அண்ணைக்குப் பிறகு சீடி ஸ்கான் எடுத்தது, தலையின்ர முன்பக்கம் கிண்ண விளிம்பில இடிச்சுப் பள்ளம் விழுந்திருந்தது. முதல் கிழமையே கண்டிருந்தா அவ்வளவு வந்திருக்குமோ தெரியேல்லை. அண்டைக்கு ராத்திரி படம் எடுத்தவர் "இன்னொண்டு எடுக்கட்டோ" எண்டு கேட்டவர். நான்தான், பாவம் நோகுது, விடுங்கோ எண்டனான்.