பைப் குழிக்கு எத்தனை லோட் மண்? அவசரம்

கொட்டகலை தம்பி: டேங்கிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் பைப் போடக் குழி வெட்டிட்டோம், 120 அடி. நாளைக்கு டிப்பர் சொல்லணும். எத்தனை லோட்?

ஊவா: அகலம், ஆழம் சொல்லாமல் எப்படிக் கணக்குப் போடுவது? வெட்டிய மண் எங்கே?

மேசன் பாஸ்: டிப்பர் எத்தனை கியூப் பிடிக்கும்? பைப் என்ன சைஸ்?

கொட்டகலை தம்பி: மன்னிக்கணும். அகலம் ஒன்றரை அடி, ஆழம் 3 அடி, 4 அங்குல பைப், 2 கியூப் டிப்பர். வெட்டிய மண் சரிவில் கிடந்தது, மழையில் போய்விட்டது.

சில்வர் ஓக்: 120 × 1.5 × 3 = 540 கன அடி, அதாவது 5.4 கியூப். இறுகுவதற்கு 20 சதவீதம் சேர்த்தால் 6.5. மூன்று லோட், மிச்சத்துக்குச் சின்ன லொறி.

மேசன் பாஸ்: இதைப் பல தடவை சொல்லியாச்சு, யாரும் கேட்பதில்லை. 20 சதவீதம் சேர்க்கக் கூடாது, 0.8ஆல் வகுக்கணும். லொறியில் 100 கன அடியாக வரும் மண் திமிசு போட்டால் சுமார் 80தான் நிற்கும். 540ஐ 0.8ஆல் வகுத்தால் 675.

ஊவா: முழுக்க ஒரே பொருளால் ஏன் நிரப்பணும்? பைப்புக்கு அடியில் 4 அங்குலமும் மேலே 6 அங்குலமும் மணல் போதும், கல் குத்தாது. பைப்போடு சேர்த்து அது 14 அங்குல உயரம், 210 கன அடி. பைப் பிடிக்கும் 12ஐக் கழித்தால் 198. ஈர மணல் உப்பி இருக்கும், அதனால் இரண்டரை கியூப் சொல்லுங்கள். மீதி 330 கன அடிக்குச் செம்மண், வகுத்தால் 412.

சில்வர் ஓக்: முழுக்க மணலே போட்டால் திமிசு வேலை மிச்சமாகுமே.

ஊவா: சரிவில் மணல் குழி கான் மாதிரி ஆகிவிடும். மழைத் தண்ணீர் அதற்குள்ளேயே ஓடி, அடியில் மணலை இழுத்துக்கொண்டு போகும். மணல் போட்டாலும் இடையிடையே களிமண்ணை இறுக்கி அணை வைக்கணும்.

மேசன் பாஸ்: நான் முழு மணல் போட்டு ஒன்றும் ஆகவில்லை.

ஊவா: அது சமதரையாக இருந்திருக்கும்.

பசறை: எங்கள் மலக்குழிக்கு மூன்று லோட் வாங்கினோம், அடுத்த மழையில் ஒரு அடி இறங்கிவிட்டது.

ஊவா: ஒரே தடவையில் கொட்டியிருப்பீர்கள். அரை அடி போட்டு, திமிசு போட்டு, மறுபடி அரை அடி. குதிகாலால் மிதித்தால் பள்ளம் விழக்கூடாது. பைப்புக்கு நேர் மேலே முதல் ஒரு அடி கையால்தான். தம்பி, டிப்பர் வந்ததும் பெட்டியை டேப்பால் அளந்து பாருங்கள்.

கொட்டகலை தம்பி: முதல் செம்மண் லோட் வந்தது. உள்ளளவு 10 அடி, 6 அடி, மண் மட்டம் இரண்டே முக்கால் அடி. 165தான். இரண்டு கியூப் என்று பணம் வாங்கினார்கள். அப்போ மூன்று லோட் சொல்றேன்.