அம்மா வந்தார், வந்தாள், வந்துச்சு

கொருக்குப்பேட்டை:
சொந்த வாழ்க்கையை அசைபோட்டு எழுதும் கட்டுரையை எழுத்துத் தமிழில் எழுதினால் அது பொய். இதைச் சொன்னால் எல்லாருக்கும் கோபம் வருகிறது. காசிமேட்டில் மீன் விற்ற என் அம்மாவைப் பற்றி முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். 'அம்மா வந்துச்சு' என்று இருக்கும் இடங்களை எல்லாம் 'அம்மா வந்தார்' என்று மாற்றினால் போடுகிறோம் என்கிறார்கள். நான் மாற்றவேண்டுமா? முதல் பக்கத்தைக் கீழே வைத்திருக்கிறேன், பாருங்கள்.

மெய்ப்புப் பார்ப்பவர்:
பொய் என்ற சொல்லை இவ்வளவு எளிதாக வீசாதீர்கள் தம்பி. இருபத்திரண்டு ஆண்டுகளாக மிண்ட் தெரு அச்சகங்களில் மெய்ப்புப் பார்க்கிறேன். பேச்சுத் தமிழில் பச்சைப் பொய் எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன், எழுத்துத் தமிழில் எழுதி என்னை அழவைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பக்கத்தைப் படித்தேன். நான்காவது பத்தியில் 'அக்கா சொன்னா நான் போயிருப்பேன்' என்று இருக்கிறது. அக்கா சொன்னாளா, அல்லது சொல்லியிருந்தாலா? பேச்சில் 'சொன்னாள்' என்பதும் 'சொன்னா' ஆகிறது, 'சொன்னால்' என்பதும் 'சொன்னா' ஆகிறது. நேரில் பேசும்போது குரலும் முகமும் அந்த வேறுபாட்டைக் காட்டிவிடும். தாளில் குரல் இல்லை. நடந்ததா, நடந்திருக்கலாமா என்ற ஒரு கேள்வியில்தான் உங்கள் கட்டுரையே நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு மெய்யெழுத்தை விட்டுவிட்டு வாசகரை இரண்டு முறை படிக்கவைக்கிறீர்கள்.

கொருக்குப்பேட்டை:
அக்காவின் இடத்தில் பிழை இருக்கலாம். நான் கேட்டது அம்மாவைப் பற்றி. 'வந்துச்சு', 'சொல்லுச்சு' என்று எழுதும்போது அந்தக் குழப்பமே வராது. 'சொல்லுச்சு' என்றால் சொன்னது நடந்துவிட்டது. உங்கள் வாதம் என் பக்கம்தான் சாய்கிறது.

ராயபுரம் தமிழாசிரியர்:
பெற்ற தாயை அஃறிணையில் எழுதிவிட்டு அதற்கு இலக்கணம் வேறு பேசுகிறீர்கள். 'வந்துச்சு' என்பது மாட்டுக்கும் மழைக்கும் வரும் வினை. இதழ்க்காரர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். 'வந்தார்' என்று எழுதுங்கள். தாய்க்கு மரியாதை கொடுப்பதில் உங்களுக்கு என்ன சிரமம்?

வியாசர்பாடி மகள்:
ஐயா, மரியாதை பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்கவேண்டாம். எங்கள் வீட்டிலும் அம்மா வந்துச்சு, அம்மா சாப்பிட்டுச்சு என்றுதான் பேசுவோம். என் மாமியாரைப் பற்றி அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அவர்களுக்கு 'வந்தாங்க' என்றுதான் வரும். மூன்று தெரு தள்ளி இருக்கும் பெரியம்மாவுக்கும் 'வந்தாங்க'தான். 'வந்துச்சு' என்பது அம்மாவுக்கும், தம்பி மகளுக்கும், எங்களை வளர்த்த ஆயாவுக்கும் மட்டும். மரியாதை குறைந்து வரும் சொல் அல்ல அது. இடைவெளி இல்லாததால் வரும் சொல்.

ராயபுரம் தமிழாசிரியர்:
வீட்டில் எப்படியும் பேசுங்கள். அச்சில் அது இழிவு.

மெய்ப்புப் பார்ப்பவர்:
ஆசிரியர் ஐயா நன்னூல் நடத்தியிருப்பார். திணை வழுவமைதியில் பவணந்தியார் முதலில் சொல்லும் காரணமே உவப்பு. மகிழ்ச்சியில் திணை மாறினால் குற்றமில்லை என்பது எழுநூறு எண்ணூறு ஆண்டுப் பழைய விதி. இந்தப் பெண் சொல்வது அதைத்தான். நான் 'வந்துச்சு' வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு, உங்கள் காரணத்தை என் தலையில் ஏற்றாதீர்கள்.

ராயபுரம் தமிழாசிரியர்:
அரைகுறையாகப் படித்தால் இப்படித்தான். உவப்புக்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு என்ன? பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது. அஃறிணை உயர்திணையாக ஏறுகிறது. தாயைப் பசுவாக இறக்கச் சொல்லி எங்கே இருக்கிறது? உயர்திணையை இறக்குவது அதே சூத்திரத்தில் கடைசியில் வரும் இழிப்பு. 'முயற்சிக்கிறேன்' என்று அச்சில் விட்டவரிடம் இதற்குமேல் என்ன எதிர்பார்க்கமுடியும்?

மெய்ப்புப் பார்ப்பவர்:
இரண்டு ஆண்டு ஆகியும் அந்த 'முயற்சிக்கிறேன்' உங்களுக்குச் செரிக்கவில்லை. 'முயல்கிறேன்' என்றுதான் இருக்கவேண்டும் என்பது எனக்கும் தெரியும். அது நூலாசிரியர் எழுதியது, அவர் கேட்டுக்கொண்டதால் விட்டேன். சூத்திரம் பால் திணை மயங்கலாம் என்கிறது, ஏறலாம் இறங்கக்கூடாது என்று திசை சொல்லவில்லை. எடுத்துக்காட்டை விதியாக்கியது நீங்கள்.

எர்ணாவூர் அப்பா:
என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் பேசுவதை அப்படியே நோட்டில் எழுதிவிடுகிறாள், 'காற்று' என்பதை 'காத்து' என்று எழுதி மதிப்பெண் போகிறது. எந்தத் தமிழை முதலில் சொல்லித் தருவது என்று யாராவது சொல்லுங்கள்.

வியாசர்பாடி மகள்:
அண்ணா, இங்கே கட்டுரை எழுதுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். பாப்பாவைத் திட்டாதீர்கள், அது சரியாகிவிடும்.

மெய்ப்புப் பார்ப்பவர்:
பேசிக்கொண்டே போகாமல் ஓர் இடத்தை எடுத்துப் பார்க்கலாம். தம்பியின் முதல் பத்தியில் மூன்று வாக்கியங்கள்:

'அம்மா ஏலத்துல கூடை எடுக்காம திரும்பி வந்துச்சு. ஒண்ணும் சொல்லல. தலையில வெறும் சும்மாடு மட்டும் இருந்துச்சு.'

நல்ல பத்தி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் எத்தனை இடத்தில் அம்மா அந்நியமாகிறாள்? எண்ணிப் பாருங்கள். 'சொல்லல' என்பது 'சொல்லவில்லை' ஆகும். அது நான், நீ, அவள், அது எல்லாருக்கும் ஒன்றுதான், அதில் திணையும் இல்லை மரியாதையும் இல்லை. கடைசி வாக்கியத்தில் இருப்பது சும்மாடு, அதற்கு 'இருந்தது' என்று தாராளமாக எழுதலாம். ஆக மூன்று வாக்கியத்தில் சண்டை ஒரே ஒரு சொல்லில். அந்த ஒரு சொல்லுக்காகக் கட்டுரை முழுவதையும் பேச்சு ஒலியில் எழுதி, 'ஏலத்துல', 'எடுக்காம', 'தலையில' என்று ஒவ்வொரு சொல்லையும் வாசகர் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போகவேண்டுமா?

அந்த ஒரு சொல்லுக்கும் வழி இருக்கிறது. எச்சத்தில் பால் திணை கிடையாது. 'வந்த' என்பது அம்மாவுக்கும் பொருந்தும், மழைக்கும் பொருந்தும். இப்படி எழுதுங்கள்: 'ஏலத்தில் கூடை எடுக்காமல் திரும்பி வந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தலையில் வெறும் சும்மாடு மட்டும் இருந்தது.' 'வந்தார்' இல்லை, 'வந்தாள்' இல்லை, 'வந்துச்சு'வும் இல்லை. கூடையும் சும்மாடும் அப்படியே இருக்கின்றன. வீட்டை வீடாகக் காட்டுவது அந்தச் சொற்கள்தான். வினையின் வாலை எந்த ஒலியில் முடிக்கிறோம் என்பது அதற்கு அடுத்ததுதான்.

ராயபுரம் தமிழாசிரியர்:
'சும்மாடு' எழுத்துத் தமிழா? அதையும் திருத்தவேண்டும்.

மெய்ப்புப் பார்ப்பவர்:
சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் இருக்கிறது ஐயா. எடுத்துப் பாருங்கள். சுமை தூக்குகிறவர்கள் தலையில் சுருட்டி வைக்கும் துணிக்கு வேறு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?

கொருக்குப்பேட்டை:
ஐயா, நீங்கள் பொறுமையாக மாற்றிக் காட்டியதற்கு நன்றி. ஆனால் என்ன செய்துவிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியவில்லை. என் பத்தியில் அம்மா வருகிறது, அங்கே ஒரு முற்றுப்புள்ளி. பிறகுதான் 'ஒன்றும் சொல்லவில்லை'. அந்த முற்றுப்புள்ளியில் நாங்கள் மூன்று பிள்ளைகள் வாசலில் நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் 'வந்த அம்மா' என்று ஒட்டியதும் அந்த நேரம் போய்விட்டது. அம்மா வரவே இல்லை உங்கள் வாக்கியத்தில். ஏற்கெனவே வந்து முடிந்த ஒருவரைப் பற்றிய குறிப்பு மாதிரி இருக்கிறது.

அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சிறு படகுகள் கொண்டுவரும் கொஞ்சம் மீனுக்கு ஏலத்தில் விலை ஏறிக்கொண்டே போகும். முந்நூறு ரூபாயை முடிந்துகொண்டு போனவர் கேட்கக்கூட வாய் திறக்கமுடியாது. அப்படிப்பட்ட ஒரு காலையில் அம்மா திரும்பி வருவதை இலக்கண வசதிக்காக எச்சத்துக்குள் ஒளிக்கச் சொல்கிறீர்கள்.

வியாசர்பாடி மகள்:
தம்பி சொல்வது சரி. அந்தப் புள்ளி வேண்டும்.

மெய்ப்புப் பார்ப்பவர்:
புள்ளி வேண்டுமென்றால் 'வந்தாள்' என்று போட்டுப் புள்ளி வையுங்கள். தாயை 'வந்தாள்' என்று எழுதுவது தமிழ் உரைநடையில் நேற்று வந்ததல்ல.

வியாசர்பாடி மகள்:
எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையும் அம்மாவை 'வந்தாள்' என்று சொல்லாது. அது கதைப் புத்தகத்து அம்மா. அவர் பெயரே வேறு மாதிரி இருக்கும்.

மெய்ப்புப் பார்ப்பவர்:
உங்கள் தெருப் பிள்ளை வாயால் சொல்லாது. ஆனால் கட்டுரையை எழுதுகிறவர் பிள்ளை இல்லை அம்மா, நாற்பது வயது மனிதர். வாசலில் நின்ற பிள்ளை ஒருவன், இன்று அதை நினைத்துப் பார்க்கிறவர் ஒருவர். இரண்டு பேருக்கும் ஒரே குரலைக் கொடுத்தால் நினைத்துப் பார்ப்பது எங்கே நடக்கிறது? பிள்ளை பேசும் இடத்தில், அம்மா பேசும் இடத்தில் மேற்கோளுக்குள் பேச்சுத் தமிழ் வரட்டும். ஒரு எழுத்தையும் தொடமாட்டேன். அசைபோடுகிறவர் எழுத்துத் தமிழில் பேசட்டும். அந்த இடைவெளி வாசகருக்குத் தெரியவேண்டும்.

கொருக்குப்பேட்டை:
எனக்கு அந்த இடைவெளி இல்லை. நாற்பது வயதிலும் நான் நினைப்பது 'அம்மா வந்துச்சு' என்றுதான். எழுத்துத் தமிழில் நினைப்பவர் நீங்களாக இருக்கலாம்.

ராயபுரம் தமிழாசிரியர்:
பேச்சுத் தமிழில்தான் உண்மை இருக்கிறது என்கிறவர் இங்கே இத்தனை முறை எழுதியதும் நல்ல எழுத்துத் தமிழில்தான். இங்கே மட்டும் பொய் சொன்னாரா?

கொருக்குப்பேட்டை:
இங்கே நான் உங்களோடு வழக்காடுகிறேன் ஐயா. அம்மாவை நினைக்கவில்லை.

ராயபுரம் தமிழாசிரியர்:
சாமர்த்தியமான பதில். 'வந்தார்' என்பதுதான் சரி.

எர்ணாவூர் அப்பா:
'காத்து' என்று எழுதினால் 'காத்திருந்து' என்ற பொருள் வந்துவிடும் என்று ஆசிரியை சொன்னாராம். அதைத்தான் மெய்ப்பு ஐயாவும் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

மெய்ப்புப் பார்ப்பவர்:
உங்கள் மகளின் ஆசிரியைக்கு விவரம் தெரிகிறது.

கொருக்குப்பேட்டை:
இதழுக்குக் காலையில் பதில் எழுதிவிட்டேன். அக்கா வரும் இடத்தில் 'சொல்லியிருந்தால்' என்று மாற்றித் தருகிறேன். 'ஏலத்துல', 'தலையில' எல்லாவற்றையும் வேண்டுமானால் திருத்திக்கொள்ளுங்கள். அம்மா வரும் இடத்தில் 'வந்துச்சு' இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

மெய்ப்புப் பார்ப்பவர்:
சுற்றிலும் எழுத்துத் தமிழ், நடுவில் ஒரு 'வந்துச்சு'. அது அச்சுப்பிழை என்று நினைத்து என்னைப் போன்ற ஒருவர் திருத்திவிடுவார். போகட்டும். முதல் பக்கத்தில் 'வந்துச்சு' என்று இரண்டு இடத்திலும், 'வந்திச்சு' என்று ஓர் இடத்திலும், அடியில் 'வந்திச்சி' என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதழுக்கு எதைச் சொன்னீர்கள்?

கொருக்குப்பேட்டை:
மூன்றையும் அம்மாவுக்குத்தான் எழுதினேன்.

மெய்ப்புப் பார்ப்பவர்:
அச்சுக் கோக்கிறவர் ஒன்றைத்தானே கேட்பார் தம்பி. எதை?