எஃகு கெட்டிலின் மூக்கு மட்டும் கறுத்துப்போகிறது

கொழிஞ்சாம்பாறையில் ஒரு பாத்திரக் கடைக்காக எஃகு கெட்டில் ஒன்றை பிளெண்டர் 4.2-இல், சைக்கிள்ஸில் ரெண்டர் செய்கிறேன். வெறும் வெள்ளைப் பின்னணி. வெள்ளிக்கிழமை படம் கொடுத்தாக வேண்டும். நான்கு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

Metallic 1, Roughness 0.18. முதலில் சுற்றிலும் வெள்ளை ஒளி மட்டும் வைத்தேன். பளபளக்கும் உலோகம் எதிரில் இருப்பதைத்தானே காட்டும்? கெட்டிலின் ஓரங்கள் பின்னணியோடு கரைந்து, பிளாஸ்டிக் குடம் போல் ஆகிவிட்டது. பிறகு கேமராவில் தெரியாதபடி இரு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்தினேன். வயிற்றின் இரு ஓரத்திலும் மெல்லிய கருங்கோடு விழுந்தது, உருண்டை வடிவம் எழுந்து வந்தது. அந்த ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தேன்.

ஆனால் வலப்பக்கம் நீளும் மூக்கு அட்டைக்கு மிக அருகில் இருப்பதால், அடி முதல் நுனி வரை கரி பூசியது போல் இருக்கிறது. அட்டையைத் தள்ளி வைத்தால் மூக்கு தெளிகிறது, வயிற்றின் கோடு மறைகிறது. Roughness-ஐ 0.35 ஆக்கினால் கறுப்பு மங்குகிறது, எஃகும் அலுமினியம் ஆகிவிடுகிறது. Light Linking விளக்குகளுக்குத்தான் உதவுகிறது. ஒளிராத அட்டையின் பிரதிபலிப்பை அது தடுக்கவில்லை.

வயிற்றின் கருங்கோட்டை இழக்காமல் மூக்கில் மட்டும் வெளிச்சம் வர, விளக்கையோ அட்டையையோ எங்கே, எப்படி வைக்க வேண்டும்?